ஆட்டோகம்ப்ளீட்டுக்கு ட்ரை: மெமரி கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

ட்ரை என்பது சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒரேபோல் தொடங்குபவற்றை ஒரே கிளையில் வைக்கும் மர அமைப்பு. "முன்னெழுத்துகளைப் பகிர்ந்துகொள்வதால் ட்ரை மெமரியை மிச்சப்படுத்தும்" என்று நம்பிக் கணக்கே போடாமல் இறங்குவதுதான் முதல் தவறு. படம், படகு, படி, படிப்பு என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி குறியீடுகள் என்பதால் மொத்தம் 18 குறியீடுகள், UTF-8-இல் 54 பைட்டு. இவற்றை ட்ரையில் போட்டால் வேரோடு சேர்த்து 12 நோடு வரும். தமிழுக்கான யூனிகோடு பகுதியில் 128 இடங்கள் இருக்கின்றன என்று நோடுக்கு 128 பாயிண்டர் அர்ரே வைத்தால், 64 பிட் மெஷினில் ஒரு நோடே 1024 பைட்டு, ஆக மொத்தம் 12 கேபி. அந்த 1536 பாயிண்டரில் நிரம்பியவை வெறும் 11. இதே சொற்களை ஹாஷ் செட்டில் போட்டு, சொல்லுக்கு 100 பைட்டு கூடுதல் செலவு என்று தாராளமாக வைத்தாலும் அரை கேபியைத் தாண்டாது. சொற்கள் பெருகினால் பகிர்வும் கூடும், சரி, ஆனால் அது மேல்மட்டத்தில்தான். கீழே போகப்போக ஒரே பிள்ளையுள்ள நோடுகள்தான் நீளமாகத் தொங்கும்.

அர்ரேக்குப் பதில் பைத்தான் டிக்ட் வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு கீ உள்ள டிக்ட்டை `sys.getsizeof` கொண்டு அளந்து பாருங்கள், 200 பைட்டை ஒட்டி வரும். கிளை பிரியாத நோடுகளை ஒன்றாக ஒட்டுவதுதான் உண்மையில் உதவும்: மேலே உள்ள 12 நோடு அப்போது வேர், பட, ம், கு, ி, ப்பு என்று ஆறாகச் சுருங்கிவிடும்.

அதற்காக ஹாஷ் செட்டுக்கு ஓடுவதும் தவறு. "படிப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் உடனே சொல்லும், "பட-வில் தொடங்குபவை எவை?" என்று கேட்டால் எல்லாச் சொல்லையும் புரட்ட வேண்டும். ஒவ்வொரு முன்னொட்டையும் கீயாகச் சேர்த்தால் மிச்சம் பிடித்த மெமரி போய்விடும். சொற்பட்டியல் அடிக்கடி மாறாது என்றால் நான் முதலில் வரிசைப்படுத்திய லிஸ்டைத்தான் முயற்சி செய்யச் சொல்வேன்:

```python
i = bisect_left(words, p)
while i < len(words) and words[i].startswith(p):
    yield words[i]
    i += 1
```

ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுச் சொற்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால்தான், அல்லது முன்னொட்டுக்கேற்ற முதல் ஐந்து பரிந்துரைகளைத் தயாராக வைக்க வேண்டும் என்றால்தான், ட்ரை தன் விலைக்கு வேலை செய்கிறது. அப்போதும் "ப" என்று ஓர் எழுத்து தட்டியதற்கே கீழுள்ள மொத்தக் கிளையையும் நடந்து தேடாதீர்கள். பரிந்துரைகளை நோடிலேயே வையுங்கள், சொல்லாக அல்ல, சொற்பட்டியலில் அதன் இடத்தைக் காட்டும் 4 பைட்டு எண்ணாக. ஐந்துக்கு 20 பைட்டு. அதுவும் கிளை பெரிதாக இருக்கும் மேல் இரண்டு மூன்று மட்டங்களுக்குப் போதும்.

அப்புறம், "கொ"-வின் துணைக்குறியை ொ என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், ெ, ா என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ட்ரையில் தனித்தனிக் கிளையாகப் பிரிந்து, பாதிச் சொற்கள் பரிந்துரையில் வராமல் போகும். சேர்க்கும்போதும் தேடும்போதும் `unicodedata.normalize("NFC", s)` போட்டுவிடுங்கள்.