கத்திப் பார்த்து நிதானத்தை அளக்க முடியாது: ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கின் கணக்கு வழக்கையும் ஆட்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே டாக்டர், ஒரே நாற்காலி, முன்னால் ஒரு மேசை. அந்த மேசைக்கு இரண்டு வருடத்தில் நான்கு பேரை எடுத்தேன், மூன்று பேர் போய்விட்டார்கள். முதலில் அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. பிறகு நான் கொடுத்திருந்த விளம்பரத்தை எடுத்துப் படித்தேன்.

"ரிசப்ஷனிஸ்ட் தேவை. சிரித்த முகம், சரளமான ஆங்கிலம், கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். பிரஷரைத் தாங்கக்கூடியவர்." அவ்வளவுதான். இதில் எங்கள் மேசையில் என்ன வேலை என்று ஒரு வார்த்தை இல்லை. பிரஷரைத் தாங்க முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு யாராவது வேலை கேட்பார்களா? ஆங்கிலத்தையும் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வருகிற பெரியவர்களிடம் நாலு வார்த்தை தெலுங்கில் பேசத் தெரிந்தால் அது எங்களுக்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய உதவி.

ஆளின் குணத்தை எழுதுவதை விட்டுவிட்டு, மேசையின் மிக மோசமான ஒரு மணி நேரத்தை எழுத வேண்டும். இப்போது எங்கள் அறிவிப்பு இப்படிப் போகிறது: "மாலை 6 முதல் 8 வரைதான் கூட்டம். அந்த நேரத்தில் போன் எடுக்க வேண்டும், வருகிறவர்களுக்கு நேரம் குறிக்க வேண்டும், சிகிச்சை முடிந்தவர்களுக்கு பில் போட வேண்டும். மூன்றும் ஒரே ஆள். தள்ளுபடி டாக்டர் சீட்டில் எழுதினால் மட்டும். இரவு கல்லாவை எண்ணி நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும்." படித்துவிட்டுப் பாதிப் பேர் வருவதில்லை. வராதது நல்லதுதான்.

தள்ளுபடி வரி சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கவுன்டரில் ஆள் பதறுவதற்குப் பெரிய காரணம் அதுதான். "போன தடவ ஐநூறு கம்மி பண்ணீங்களேம்மா" என்று ஒருவர் ஆரம்பித்தால், தனக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரியாத பெண் திணறிப்போவாள். எல்லை தெரிந்தவள், "டாக்டர் எழுதிக் கொடுத்தாதான் அண்ணா என்னால போட முடியும், ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அந்த நிதானத்தில் பாதி நாம் எழுதிக் கொடுத்ததிலிருந்து வருவது.

இன்னொன்றை நான் மறைத்தேன் என்றே சொல்ல வேண்டும். காலை 10 முதல் 1 வரை, பிறகு மாலை 5 முதல் 9 வரை. நடுவில் நான்கு மணி நேரம். இதை நேர்காணலில் போகிற போக்கில் சொன்னேன். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருகிற பெண் மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. இரவு 9 மணிக்கு மேல் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். இரண்டாவது வாரம் நின்றுவிட்டாள். நேரத்தையும் சம்பளத்தையும் முதல் இரண்டு வரியிலேயே போட்டிருந்தால் அவளுக்கும் அலைச்சல் இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்து, தேர்வு. ஒரு தடவை, தெரிந்த ஒருவரைக் கோபக்கார நோயாளி போல உள்ளே அனுப்பிக் கத்தச் சொன்னேன். அமைதியாக நின்ற பெண்ணை எடுத்தேன். அவள் கடைசி வரை அமைதியாகத்தான் இருந்தாள். யாராவது சத்தம் போட்டால் வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த பில்லைப் பாதியில் விட்டுவிடுவாள். மறுபடி எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று தெரியாமல், ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தைக் கழிக்காமல் போட்டுவிடுவாள். திட்டு வாங்கிக்கொண்டு நிற்பது பொறுமை. நமக்கு வேண்டியது, இடையில் நின்றுபோன வேலையை நின்ற இடத்திலிருந்து தொடங்கத் தெரிவது. ஆகவே தேர்வில் கத்தக் கூடாது, குறுக்கிட வேண்டும்.

கணக்குப் பரீட்சை தனி, போன் பேசுவது தனி என்று வைப்பதும் இதே தவறுதான். தனித்தனியாக வைத்தால் எல்லோரும் பாஸ். நான் இப்போது வைப்பது இருபது நிமிடத் தேர்வு, மேசையிலேயே. கையில் கால்குலேட்டர் கொடுத்துவிடுவேன், மனக்கணக்கு நமக்குத் தேவையில்லை. ஒரு அட்டையில் நேரக் கணக்கு இருக்கும்: பார்க்க மட்டும் 15 நிமிடம், கிளீனிங் 30, ரூட் கெனால் ஒரு சிட்டிங் 45, கேப் மாட்ட 30. கூடவே ஒரு வரி: வலி, வீக்கம் என்று சொன்னால் காய்ச்சல் இருக்கிறதா, முழுங்க முடிகிறதா என்று கேள், முழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேரம் குறிக்காதே, உடனே டாக்டரிடம் சொல். புதிதாக வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அட்டையைப் பார்த்துச் செய்கிறாரா என்பதுதான் கேள்வி.

அப்பாயின்ட்மென்ட் நோட்டில் அன்றைய மாலை இப்படி இருக்கும். 5.30க்கு ரூட் கெனால், 6.15க்கு கிளீனிங், 6.45லிருந்து 7 வரை காலி, 7 மணிக்கு ரூட் கெனால், 7.45லிருந்து 8.15 வரை காலி, 8.15க்கு கேப். முதல் போன் வருகிறது: "ஆறரை, ஆறே முக்காலுக்கு கிளீனிங் பண்ணிக்கலாமா?" ஒரு நிமிடம் கழித்து அடுத்தது: "கன்னம் வீங்கிக்கினு கீது, நைட்டெல்லாம் தூக்கம் இல்ல." அட்டையில் உள்ளதைக் கேட்டால் காய்ச்சல் இல்லை, முழுங்க முடிகிறது என்று பதில் வரும்.

அவசரக்காரர்கள் முதல் போனுக்கு 6.45ஐத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே இருப்பது 15 நிமிடம், கிளீனிங்குக்கு 30 வேண்டும். 7 மணிக்காரர் 7.15 வரை உட்கார்ந்திருப்பார். வீங்கிய கன்னத்தோடு வருகிறவருக்கு 8 மணி வரை இடமே கிடைக்காது. அட்டையைப் பார்க்கிறவர் கிளீனிங்கை 7.45க்குத் தள்ளுவார். அப்புறம் வருகிற வீக்கக்காரருக்கு 6.45 தானாகக் காலியாக இருக்கும். இங்கே நான் குரலைக் கவனிப்பதில்லை. நோட்டில் எந்த நேரத்துக்கு நேரே எந்தப் பெயர், போன் நம்பரோடு எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன்.

பில் இதற்கு நடுவில்தான். ரூட் கெனால் 4,500, கேப் 5,500, மொத்தம் 10,000. முதல் சிட்டிங்கில் 3,000 ரொக்கம், இரண்டாவதில் 2,500 ஜிபே. டாக்டர் சீட்டில் 500 குறைக்கச் சொல்லியிருக்கிறார். பாக்கி 4,000. கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஆனால் அவர் அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது போனை அடிக்க வைப்பேன். நல்ல ஆள் இரண்டு விதமாகச் செய்வார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, இந்த பில்ல முடிச்சிட்டு வரேன்" என்பார். அல்லது அதுவரை போட்டதுக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் அடித்துவிட்டுப் போனை எடுப்பார். மற்றவர்கள் திரும்பி வந்து 500ஐ இரண்டாம் முறை கழித்து 3,500 என்பார்கள், அல்லது ஜிபேயில் வந்த 2,500ஐ மறந்து 6,500 என்பார்கள். எந்தத் தொகை வருகிறது என்பதை வைத்தே எங்கே தடம் புரண்டது என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் எண்களை இப்படி வைத்தேன்.

இன்னும் ஒரு கொக்கி. பில் கட்டுகிறவர் 2,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மீதி 2,000ஐ போனில் அனுப்புகிறார். திரையில் பச்சை டிக் காட்டுகிறார். சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. "இன்னாமா, காசு போயிடுச்சுல்ல, அது கத்தலன்னா நா இன்னா பண்ண முடியும்?" இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். டிக்கை நம்பி 4,000க்கு ரசீது போட்டுவிடுவார்கள். பொய்த் திரையைக் காட்டி ஏமாற்றுவது இப்போது எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த கதை. அல்லது "வரல சார், இன்னொரு தடவ போடுங்க" என்பார்கள். நிஜமாகவே போயிருந்தால் மனிதர் இரண்டு முறை கட்டியவராவார், மறுநாள் சண்டை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நம் பக்கத்து ஆப்பில் பணம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வரவில்லை என்றால் 2,000 ரொக்கத்துக்கு மட்டும் ரசீது போட்டு, மற்ற 2,000க்கு எதிரே அவர் திரையில் இருக்கிற 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் போன் நம்பரையும் எழுதி நிலுவையில் வைப்பது. அவர் கணக்கில் பணம் எடுபட்டு நமக்கு வராமல் போயிருந்தால், கடைக்கான க்யூஆராக இருக்கும் பட்சத்தில் அன்றிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. வேலைக்குச் சேர்ந்த பிறகு இதை நாம் சொல்லிக்கொடுக்கலாம். தேர்வில் நான் பார்ப்பது, வராத பணத்தை வந்ததாக எழுதாமல் இருக்கிறாரா, அதே நேரம் எதிரில் நிற்பவரைத் திருடனாக்காமல் பேசுகிறாரா என்பதைத்தான்.

மதிப்பெண் தாளை முன்கூட்டியே எழுதிவைக்காமல் தேர்வு வைப்பது அடுத்த தவறு. நானும் டாக்டரும் ஒரே பெண்ணைப் பார்த்துவிட்டு, அவர் "நல்லா பேசுறா" என்றார், நான் "பில் தப்பு" என்றேன். இப்போது ஐந்தே கேள்வி, ஆம் அல்லது இல்லை: கிளீனிங் 7.45இல் இருக்கிறதா, வீக்கம் 6.45இல் இருக்கிறதா, பாக்கி 4,000 வந்ததா, ரசீது 2,000க்கு மட்டுமா, மூன்றாவதாகக் கூப்பிட்டவரின் பெயரும் நம்பரும் நோட்டில் இருக்கிறதா. நான்கு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். ஆனால் ரசீது தப்பானால் மற்ற நான்கும் சரியாக இருந்தாலும் யோசிப்பேன். கை நடுங்கியதா, குரல் தடுமாறியதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இப்போது இருக்கும் பெண்ணுக்குத் தேர்வன்று நெற்றியெல்லாம் வியர்வை. ஐந்தும் சரி.

"ஒரு வாரம் சும்மா வந்து பாருங்க" என்பதையும் விட்டுவிடுங்கள். இருபது நிமிடத்துக்குச் சம்பளம் வேண்டாம். ஒரு முழு மாலை உட்கார வைத்தால் அன்றைக்கான கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

வேலை விவரத்தில் "கல்லா குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நானும் எழுதியிருந்தேன். விளக்கம் கேட்காமல் அப்படிப் பிடிக்கச் சட்டமும் இடம் தராது. நடைமுறையில் அது செய்கிற கெடுதல் வேறு: 200 குறைந்தால் அவர்கள் தங்கள் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவார்கள், எங்கே தப்பு நடக்கிறது என்று நமக்குத் தெரியாமலே போகும். அந்த வரியை எடுத்துவிட்டு, காலையில் 2,000 ரூபாய்க்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பது, மத்தியானம் ஒரு முறை, இரவு ஒரு முறை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவது என்று மாற்றினேன். அதற்குப் பிறகு குறைந்த நாட்களில் அன்றைக்கே காரணம் கிடைத்தது. பெரும்பாலும் ரொக்கத்தை ஜிபே என்றோ, ஜிபேயை ரொக்கம் என்றோ எழுதியதுதான்.

மூன்று, நான்கு பேருக்கு வைத்த பிறகு தேர்வின் எண்களை மாற்றிவிடுங்கள். ஏரியா ஒன்றுதான், எல்லோரும் யாருக்காவது அக்கா, தங்கச்சி. போன முறை ஒரு பெண் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டாள்: "நாலாயிரம் தானே சார் பாக்கி?"