இறுதிக் கணக்குத் தீர்வு ரசீது: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தனியார் நிறுவனத்தை விட்டு விலகும் நாளில், ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்ற தலைப்பில் ஒற்றைத் தாள் ஒன்றை எச்.ஆர். பிரிவினர் நீட்டுவார்கள். பெரும்பாலும் அதில் ஒரு மொத்தத் தொகையும், ‘இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரியும் மட்டுமே இருக்கும். அந்த இரண்டையும் சரிபார்ப்பதற்கான வழி இது.

படி 1: கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள்

மொத்தத் தொகை எப்படி வந்தது என்பதைத் தலைப்பு வாரியாகக் காட்டும் தாள் கையில் இல்லாமல் ரசீதைப் படிப்பதில் பயனில்லை. கடைசி மாதச் சம்பளம், மீதமுள்ள விடுப்புக்கான பணம், பணிக்கொடை, பிடித்தங்கள் ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி இந்தக் கணக்கில் வராது, அது இ.பி.எஃப்.ஓ.விடம் இருக்கிறது. ஆனால், அதன் இணையதளத்தில் நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்துவிட்டதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள்

6 ஆண்டு 8 மாதம் பணியாற்றி, ஜூன் 20 அன்று விலகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மொத்தச் சம்பளம் 42,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். எளிமைக்காக வரியையும் வைப்பு நிதிப் பிடித்தத்தையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

நிறுவனம் தந்த தாளில், 20 நாள் சம்பளம் 28,000, 18 நாள் விடுப்புக்கு 18,000, பணிக்கொடை 90,000 ரூபாய் என்றும், நோட்டீஸ் காலத்தில் குறைந்த 10 நாளுக்காக 14,000 ரூபாய் கழிவு என்றும் இருக்கிறது. ஆக, கைக்கு வருவது 1,22,000 ரூபாய்.

பணிக்கொடைக்கான கணக்கு, 26,000 ரூபாயை 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குவது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எஞ்சிய காலத்தை ஓராண்டாகவே எடுக்க வேண்டும் என்பது சட்டம். எனவே இவருக்கு 7 ஆண்டுகள், அதாவது 1,05,000 ரூபாய். நிறுவனம் எட்டு மாதத்தை விட்டுவிட்டு 6 ஆண்டுக்குத்தான் போட்டிருக்கிறது. இந்தப் பிழை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, பழைய எக்செல் தாளால் வருகிறது. ஆனாலும் இழப்பு ஊழியருக்குத்தான்.

நோட்டீஸ் கழிவில் இரண்டாவது பிழை. இவருடைய நியமன ஆணை, குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே பிடிக்கப்படும் என்கிறது. அப்படியானால் 26,000 ரூபாயில் 10 நாளுக்கு 8,667 ரூபாய்தான் கழிக்கலாம். தாளிலோ மொத்தச் சம்பளத்தின் மீது கழித்திருக்கிறார்கள். திருத்தினால் வர வேண்டிய தொகை 1,42,333 ரூபாய், வித்தியாசம் 20,333 ரூபாய். விடுப்புக்கான பணத்தையும் இதேபோல் நிறுவன விதியோடு ஒப்பிட வேண்டும், ஏனெனில் அது இடத்துக்கு இடம் மாறும்.

படி 3: ரசீதின் வாசகத்தைப் படியுங்கள்

நல்ல ரசீது, எந்தக் கணக்குத் தாளின்படி, எந்தத் தேதியில், எந்த வழியில், எவ்வளவு பணம் பெறப்பட்டது என்பதைச் சொல்லி, அந்த அளவோடு நிற்கும். உதாரணமாக:

> “… தேதியிட்ட இணைப்புத் தாளில் கண்ட இனங்களுக்காக ரூ. 1,42,333, … தேதியில் என் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அத்தாளில் கண்ட இனங்கள் குறித்து எனக்குப் பாக்கி ஏதும் இல்லை. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் மற்றும் சட்டப்படி எனக்கு உரிய பிற பயன்களை இது பாதிக்காது.”

‘எவ்வகைக் கோரிக்கையும், எக்காலத்திலும் இல்லை’ என்ற பொத்தாம்பொதுவான வரி இருந்தால், அதை அடித்துவிட்டு மேற்கண்ட வரியைப் போடும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். பணிக்கொடை சட்டப்படியான உரிமை என்பதால் அதை ஒரு தாளால் பறிக்க முடியாது என்றாலும், ‘விருப்பத்துடன் கையெழுத்திட்டார்’ என்ற வாதத்துக்கு எதிராகப் பின்னாளில் நீங்கள்தான் போராட வேண்டியிருக்கும்.

படி 4: பணம் வந்த பின்பே ‘பெற்றுக்கொண்டேன்’

‘கையெழுத்துப் போடுங்கள், நாளை பணம் வரும்’ என்றால், ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சொல் பொய்யாகிவிடும். பணம் வரவாகும் முன்பே கையெழுத்து கட்டாயமென்றால், ‘தொகை என் கணக்கில் வரவானால் மட்டுமே செல்லும்’ என்று கையெழுத்துக்கு மேலே கைப்பட எழுதி, தேதியும் இடுங்கள். கணக்கில் உடன்பாடில்லாமல் பணத்தைப் பெற வேண்டிய நிலையில், ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், பணிக்கொடைக் குறைவு ரூ. 15,000, நோட்டீஸ் கழிவு மிகை ரூ. 5,333’ என்று தொகையோடு குறிப்பிடுவது நல்லது. வெறும் ‘ஆட்சேபம்’ என்ற சொல் எதற்கென்று பிறகு யாருக்கும் விளங்காது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவதும் வழக்கம்.

நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு பிரதியை, கணக்குத் தாளுடன் சேர்த்து, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அசலைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிரதி கேட்பவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் அதே நாளில் கைக்கு வராவிட்டால், அவை இன்னும் தரப்படவில்லை என்பதையும் ரசீதின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.