எரிந்த போர் மோட்டாருக்கு வாரண்டி கேட்கும்போது எந்த ஆதாரத்தை இணைப்பது?

குடியாத்தத்தில் ஒரு மோட்டார் கடையில் வாரண்டி பேப்பர் எழுதுவதுதான் பல வருஷமாக என் வேலை. எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரை டிராக்டரில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இன்னாண்ணா, மோட்டாரே கருகிக் கெடக்குது, இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?"

மோட்டார் எரிந்ததை கம்பெனி மறுக்கப்போவதில்லை. எரிந்தது உங்களால்தான் என்றுதான் சொல்லப்போகிறது. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். லோ வோல்டேஜ், ஒரு பேஸ் போனது, தண்ணீரில்லாமல் ஓட்டியது, வெளி ஆள் பிரித்தது இதெல்லாம் வாரண்டியில் சேராது என்று இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் சொல்லும் ஆதாரத்தை எடுங்கள், மற்றதை விடுங்கள்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரருக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். 7.5 எச்.பி. மோட்டார், 320 அடியில் இறக்கியது, எட்டாவது மாசம் நின்றுபோனது.

படி 1: மோட்டாரை மேலே எடுக்கும் முன் பேனல் போர்டைப் படம் எடுங்கள்

மோட்டார் நின்றதும் கையை வைக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் டிரிப் ஆன நிலையிலேயே போர்டை முழுசாக ஒரு படம் எடுங்கள். பிறகு ஓவர்லோடு ரிலேயின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று கிட்டத்தில் ஒரு படம். அவர் மோட்டாரின் தட்டில் 16 ஆம்பியர் என்று இருந்தது, ரிலேயும் 16-இலேயே இருந்தது. டிரிப் தொல்லை கொடுக்கிறதென்று அதை 22-க்குத் திருப்பி வைக்கிறவர்கள் நம்ம பக்கம் நிறைய. அப்படி இருந்தால் படமே உங்களுக்கு எதிராகப் பேசும். அதற்காக இப்போது திருப்பி வைத்துப் படம் எடுக்காதீர்கள், சர்வீஸ் ஆள் கண்டுபிடித்துவிடுவார், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

போர்டில் கண்டன்சர் இருக்கிறதா என்பதுதான் கம்பெனி ஆள் வந்ததும் முதலில் பார்ப்பது. மும்முனை கரண்ட் இல்லாத நேரத்தில் இருமுனையில் கண்டன்சர் போட்டு ஓட்டும் பழக்கம் இங்கே இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் போர்டில் அது இல்லையென்றால், ஒயர்கள் எல்லாம் தெரிகிற மாதிரி கதவைத் திறந்து வைத்து எடுத்த ஒரு படம் அந்தப் பேச்சை முடித்துவிடும்.

மூன்று பேஸுக்கு இடையிலும் வோல்டேஜ் அளந்து, மீட்டர் முகம் தெரிய மூன்று படம் எடுங்கள். இவருடைய கையேட்டில் 350 முதல் 440 வோல்ட் வரை ஓட்டலாம் என்று இருந்தது. அளந்தபோது மூன்றும் 400-ஐ ஒட்டியே வந்தன.

படி 2: பில்லையும் மோட்டாரையும் சீரியல் எண்ணால் கட்டுங்கள்

நிறைய பேப்பர் இங்கேதான் திரும்பி வருகிறது. பில்லில் வெறும் '7.5 எச்.பி. மோட்டார் 1' என்று இருக்கும். மோட்டாரில் உள்ள தட்டோ போருக்குள் உரசி அழிந்திருக்கும். பில்லில் சீரியல் எண் இல்லையென்றால் பேனாவால் எழுதிச் சேர்க்காதீர்கள். பில் எண், தேதி, சீரியல் எண் மூன்றையும் குறிப்பிட்டு, கடை முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். தட்டை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும்.

தேதியையும் கவனியுங்கள். பல அட்டைகளில் வாங்கியதிலிருந்து 12 மாசம், அல்லது தொழிற்சாலையிலிருந்து அனுப்பியதிலிருந்து 18 மாசம், எது முன்னால் வருகிறதோ அது என்று இருக்கும். கடையில் ரொம்ப நாள் கிடந்த மோட்டார் என்றால் இரண்டாவது கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

படி 3: தண்ணீர் மட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம்

பைப் ஏற்றும்போது எத்தனையாவது பைப்பில் ஈரம் தொடங்குகிறது என்று எண்ணி எழுதுவார்கள். நல்ல பழக்கம்தான். 10 அடி பைப்பில் 21 பைப் கழற்றிய பிறகு ஈரம் வந்தால் தண்ணீர் ஏறக்குறைய 210 அடியில் நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் அது மோட்டார் நின்று இரண்டு நாள் ஊறிய மட்டம். ஓடும்போது தண்ணீர் எவ்வளவு கீழே போயிருந்தது என்று அது சொல்லாது, கம்பெனியும் இதையே சொல்லித் தள்ளிவிடும்.

தண்ணீரில்லாமல் ஓடியதா என்பதற்கு பம்பே சாட்சி. வறண்டு ஓடினால் பிளாஸ்டிக் இம்பெல்லர் சூட்டில் உருகி நெளியும், புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடும். சர்வீஸ் சென்டரில் பிரிக்கும்போது இம்பெல்லரை வெளியே எடுத்து வைத்ததும் ஒரு படம் எடுங்கள். இவருடையதில் ஓரம்கூட நெளியவில்லை.

படி 4: வைண்டிங்கைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

தெரிந்த ரீவைண்டிங் கடையில் முதலில் பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். அங்கே ஒரு போல்ட் திருகினாலும் வாரண்டி போய்விடும். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும்.

வைண்டிங் காயில் எப்படிக் கருகியிருக்கிறது என்பதிலேயே காரணம் தெரியும். லோ வோல்டேஜிலோ ஓவர்லோடிலோ ஓடியிருந்தால் மூன்று பேஸும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெந்திருக்கும். ஒரு பேஸ் போய் ஓடியிருந்தால், ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதுசாகவே இருக்கும். டெல்டாவில் ஒரே ஒரு பேஸ் முழுக்கக் கருகும். ஒயரின் மேல்பூச்சு தொடக்கத்திலேயே பழுதாக இருந்திருந்தால், ஒரு இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்து சுற்றிலும் ஒயர் நிறம் மாறாமல் இருக்கும்.

தென்னந்தோப்புக்காரர் மோட்டாரில், காயில் ஸ்லாட்டை விட்டு வெளியே வளையும் வாயில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. அதற்குள் செம்பு உருகி ஒரு மணியாகத் திரண்டிருந்தது. மற்ற ஒயரெல்லாம் போட்ட நிறத்திலேயே. முழு வைண்டிங் தெரிய ஒரு படம், புள்ளிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், சீரியல் எண்ணோடு சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

இடி மின்னலிலும் இப்படி ஒரே இடத்தில் ஓட்டை விழலாம். அதனால் அன்றைக்கு மழை இடி இல்லை, அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் பக்கத்து மோட்டார்களுக்கு எதுவும் ஆகவில்லை என்று தோட்டத்துப் பக்கத்துக்காரர் கையெழுத்தோடு நாலு வரி இணைத்தோம்.

படி 5: சர்வீஸ் ரிப்போர்ட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

அவர் ரிப்போர்ட்டில் காரணம் 'லோ வோல்டேஜ்' என்று எழுதியிருந்தது. கையெழுத்துக்கு மேலேயே "ஒரு இடத்தில் மட்டும் கருகியுள்ளது, இந்தக் காரணத்தை ஏற்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, அதையும் படம் எடுத்துக்கொண்டார். இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் ரீடிங்கை எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு எழுத வையுங்கள்.

படி 6: குறைவாக இணையுங்கள்

அவர் போனில் நாற்பத்துச் சொச்சம் படம் இருந்தது. நாங்கள் அனுப்பியது பில், கடைக் கடிதம், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரிப்போர்ட், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடிதம், ஒன்பது படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது எதைக் காட்டுகிறது என்று ஒரே வரி. காய்ந்த தென்னை, கருகிய கேபிளின் வீடியோ, எலக்ட்ரீஷியன் 'கம்பெனி மால் சரியில்லை' என்று பேசிய ஆடியோ எதையும் சேர்க்கவில்லை. பயிர் நஷ்டத்தை இந்தக் கடிதத்தில் கலந்தால், எதற்கு எரிந்தது என்பதை விட்டுவிட்டுப் பேச்சு பணத்தைப் பற்றியதாகிவிடும்.

மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில் நகல் ஒன்று அனுப்புங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். மறுத்துவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அதே கட்டு தேவைப்படும், அதற்கு 2 வருஷம்தான் கெடு.

மூன்று வாரத்தில் பதில் வந்தது, வைண்டிங்கை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். மோட்டாரை ஏற்றி இறக்கிய கூலி கிடைக்கவில்லை, அது வாரண்டியில் சேராது என்று அட்டையிலேயே இருந்தது. திரும்ப இறக்கும் முன் சீரியல் தட்டையும் புது ஸ்டார்ட்டரையும் படம் எடுத்து, தன் சம்சாரம் போனிலும் ஒரு நகல் போட்டு வைத்தார்.