தனித்தூண்டல் டிசி மோட்டார்: அந்த 440 ஆம்பியர் எங்கே போனது?

ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஆர்மேச்சருக்கு 220 வோல்ட் சப்ளை, ஆர்மேச்சர் மின்தடை 0.5 ஓம், முழுச் சுமையில் 20 ஆம்பியர், வேகம் 1500 ஆர்பிஎம். ஃபீல்டு சுருளுக்குத் தனி சப்ளை. கரண்ட் எவ்வளவு என்று கேட்டால் பலர் 220-ஐ 0.5-ஆல் வகுத்து 440 ஆம்பியர் என்பார்கள். மோட்டார் அசையாமல் நிற்கும்போது அது சரியான விடைதான். ஓடும்போது சரியில்லை.

சுற்றும் ஆர்மேச்சர் ஒரு ஜெனரேட்டரும்கூட. அதில் உண்டாகும் எதிர் மின்னியக்கு விசையான E சப்ளையை எதிர்த்து நிற்கும். அதனால் சர்க்யூட் வரையும்போது 0.5 ஓமோடு தொடராக ஒரு பேட்டரியையும் வரையுங்கள். அதன் பாசிட்டிவ் முனை சப்ளையின் பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும்.

I = (V − E) / R

முழுச் சுமையில் மின்தடையில் விழுவது 10 வோல்ட்தான். மீதி 210 வோல்ட்டும் E.

அடுத்த தவறு ஸ்டார்ட்டரில் நடக்கிறது. தொடக்கக் கரண்டை 40 ஆம்பியருக்குள் நிறுத்த, மொத்தம் 5.5 ஓம் வேண்டும். அதாவது வெளியே 5 ஓம். இதுவரை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள். வேகம் ஏற ஏற E வளர்ந்து கரண்ட் இறங்கும். 20 ஆம்பியருக்கு வந்ததும் அம்மீட்டர் அங்கேயே நிற்கும். அதைப் பார்த்து ‘மோட்டார் வேகம் பிடித்துவிட்டது’ என்று 5 ஓமையும் ஒரேயடியாக வெட்டிவிடுவார்கள். அப்போது E வெறும் 110 வோல்ட், வேகம் ஏறக்குறைய 786 ஆர்பிஎம். மிச்சம் 110 வோல்ட்டும் அந்த 0.5 ஓம் தலையில் விழும்: 220 ஆம்பியர்! பிரஷ்ஷில் பொறி பறக்கும். மின்தடையைப் படிப்படியாக எடுப்பது இதற்காகத்தான். அம்மீட்டரை மட்டும் நம்பாமல் டேக்கோமீட்டரையும் பாருங்கள்.

அந்த 20 ஆம்பியரை முடிவு செய்வது சப்ளையோ வேகமோ இல்லை, சுமை. சுமையை எடுத்துவிட்டால் 1.5 ஆம்பியர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், E 219.25 வோல்ட்டாகும், வேகம் 1566. கரண்ட் பதின்மூன்று மடங்குக்கு மேல் குறைந்தும் வேகம் நான்கரை சதவீதம்கூடக் கூடவில்லை.

ஃபீல்டைக் குறைத்தால் வேகமும் குறையும் என்று நினைப்பதும் அடிக்கடி பார்க்கும் தவறு. ஃபீல்டு பாயத்தைச் சட்டென்று 10 சதவீதம் குறையுங்கள். வேகம் மாறுவதற்குள் E 189 வோல்ட்டுக்கு இறங்கும், கரண்ட் 62 ஆம்பியருக்குத் தாவும். முறுக்குவிசை 2.8 மடங்காகி மோட்டார் வேகமெடுக்கும். ஃபீல்டு ஃபியூஸே போய்விட்டால்? எஞ்சிய காந்தத்தின் சொற்ப E மட்டும்தான் மிஞ்சும். சுமை பூட்டியிருந்தால் மோட்டார் நின்று, கரண்ட் 440 பக்கம் போகும். சுமை இல்லையென்றால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதனால் ஃபீல்டு சுவிட்சை முதலில் போடுங்கள். அணைக்கும்போது கடைசியில் அணையுங்கள்.