லோடோடு தானாக இறங்கும் மாஸ்ட்: சீல் கிட் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவரைத் தொடாமலே ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஃபோர்க் மெல்ல இறங்குகிறது என்றால், குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை குடோன்களில் பெரும்பாலும் முதல் வேலையாக லிஃப்ட் சிலிண்டருக்குச் சீல் கிட் வாங்கக் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்புவார்கள். கிட் வரும், சிலிண்டரைக் கழற்றிப் பழைய சீலை மாற்றுவார்கள், அடுத்த நாள் மதியம் ஃபோர்க்கைத் தாங்கும் நிமிர்ந்த சட்டமான மாஸ்ட் பழையபடி இறங்கும். ஆயில் எந்த வழியாகத் தப்புகிறது என்று பார்க்காமலே சிலிண்டரைத் திறந்ததுதான் இதில் உள்ள தவறு.

அதற்கும் முன்னால் நடக்கும் தவறு ஒன்று உண்டு: காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சோதித்துப் பார்ப்பது. மலையில் டிசம்பர், ஜனவரி காலையில் டேங்கில் இருக்கும் ஆயில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். வழக்கமான 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் அந்தக் குளிரில், 60 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். கண்ட்ரோல் வால்வுக்குள், லீவரோடு நகரும் ஸ்பூல் என்ற உருளைக்கும் வால்வ் பாடிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் கசியும் அளவு, ஆயில் கெட்டியாகும் அளவுக்குக் குறையும். அதனால் மதியம் பத்து நிமிடத்தில் 160 மி.மீ இறங்கும் வண்டி, காலையில் 15 மி.மீ மட்டும் இறங்கி ‘நல்லாத்தான் இருக்கு’ என்று பெயர் வாங்கிவிடும்.

ஐ.எஸ்.ஓ. 3691-1 தரத்தின்படி, முழுத் தாங்கு எடையோடு, ஆயில் வேலை செய்யும் சூட்டில் இருக்கும்போது, முதல் 10 நிமிடத்தில் உள்கசிவால் இறக்கம் 100 மி.மீ-ஐத் தாண்டக் கூடாது. எனவே ஒரு மணி நேரமாவது வேலை ஓடிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, முழு எடையை ஏற்றி, இன்ஜினை அணைத்து, கடிகாரத்தை வைத்து அளக்க வேண்டும். பாதி எடையில் பார்த்தால் அழுத்தம் குறையும், கசிவும் குறைந்து காட்டும். சோதனைக்கு உயரத் தூக்கவும் தேவையில்லை. தரையிலிருந்து அரை மீட்டர் போதும்.

ஆனால் லோடைத் தூக்கியபடி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து அளப்பதும் தப்புக் கணக்கு. சிலிண்டரில் அடைபட்ட ஆயில் 30 டிகிரி குளிர்ந்தால் அதன் கொள்ளளவு சுமார் 2 சதவீதம் சுருங்கும். ராடு 1 மீட்டர் வெளியே இருந்தால் அது 20 மி.மீ உள்ளே போகும். ராடு நகர்வதைப் போல இரண்டு மடங்கு ஃபோர்க்கை நகர்த்தும் செயின் உள்ள மாஸ்டில் ஃபோர்க் 40 மி.மீ இறங்கியிருக்கும். ஒரு சொட்டுக் கசிவுகூட இருக்காது. (லோடைத் தூக்கி வைத்துவிட்டு ஆள் போவதே கூடாது என்பது வேறு விஷயம்.)

ஃபோர்க் நுனி மட்டும் தாழ்ந்தால் அது மாஸ்டை முன்னும் பின்னும் சாய்க்கும் டில்ட் சிலிண்டர் பக்கத்துக் குறையாகவும் இருக்கலாம். உள் மாஸ்டிலும் வெளி மாஸ்டிலும் நேர்க்கோட்டில் சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் விலகவில்லை என்றால் லிஃப்டைத் தேட வேண்டாம்.

கசிவு உண்மைதான் என்று ஆன பிறகு, அது எவ்வளவு சின்ன அளவு என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. 50 மி.மீ போர் உள்ள இரண்டு பிஸ்டன் வகை லிஃப்ட் சிலிண்டர்கள், இரண்டு மடங்கு செயின் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க் 100 மி.மீ இறங்க, ராடு 50 மி.மீ இறங்கினால் போதும். இரண்டு சிலிண்டர்களிலும் சேர்த்து வெளியேறும் ஆயில் 200 மி.லி-க்குச் சற்றுக் குறைவு. பத்து நிமிடத்துக்கு அது என்றால், நிமிடத்துக்கு 20 மி.லி. அந்த 20 மி.லி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

வழிகள் மூன்றே. முதலாவது, ராடு வெளியே வரும் கிளாண்ட். அங்கே கசிந்தால் சிலிண்டர் ஈரமாக இருக்கும், கண்ணுக்கே தெரியும். பிஸ்டன் சீல் இல்லாமல் ராடையே ஆயில் தள்ளும் பிளஞ்சர் வகைச் சிலிண்டரில் சீல் கசிய இந்த ஒரு வழிதான் உண்டு. கிளாண்ட் காய்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரைக் கழற்றவே வேண்டாம்.

இரண்டாவது, பிஸ்டன் சீல். பல பிஸ்டன் வகைச் சிலிண்டர்களில், சீலைத் தாண்டி மேலே வந்த ஆயில் தலைப்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். ஃபோர்க் தரையில் இருக்கும்போதே அந்த ஹோஸை டேங்கில் கழற்றி, டேங்க் வாயை மூடிவிட்டு, ஹோஸ் நுனியை மாஸ்டுக்கு விலகி ஓரமாக ஓர் அளவு பாட்டிலில் வையுங்கள். பிறகு லோடைத் தூக்குங்கள். தூக்கும்போது கொஞ்சம் ஆயில் வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தூக்கி நிறுத்திய பிறகும் விடாமல் ஒழுகினால் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. சொட்டே இல்லை, ஆனால் ஃபோர்க் இறங்குகிறது என்றால் குறை மூன்றாவது வழியான கண்ட்ரோல் வால்வில்.

திரும்பு ஹோஸ் இல்லாத சிலிண்டர் என்றால், ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவரை நாலைந்து முறை ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகு, கண்ட்ரோல் வால்வுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே ஒரு பால் வால்வ் போடுங்கள். அது சிஸ்டம் அழுத்தத்துக்கு மேல் தாங்கும் ஹைட்ராலிக் பால் வால்வாக இருக்க வேண்டும். தண்ணீர் லைனுக்குப் போடும் வால்வ் வெடித்துவிடும். திறந்த நிலையில் லோடைத் தூக்கி, பிறகு மூடுங்கள். இறக்கம் நின்றால் குறை கண்ட்ரோல் வால்வில். நிற்கவில்லை என்றால் சிலிண்டர் பக்கம். சோதனை முழுக்க ஃபோர்க்குக்குக் கீழும் மாஸ்டுக்கு முன்னும் யாரும் நிற்கக் கூடாது.

வால்வ்தான் என்று தெரிந்ததும் செய்யும் தவறுகள் தனி ரகம். லீவர் லிங்க் வளைந்தோ, சென்டர் ஸ்பிரிங் உடைந்தோ, ஸ்பூல் நடுவுக்கு முழுதாகத் திரும்பாமல் நிற்கலாம். லிங்கைக் கழற்றிவிட்டு ஸ்பூலைத் தானாக நடுவில் நிற்க விட்டு மறுபடி அளந்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும். பேட்டரி வண்டியில் அவசர இறக்க வால்வ் முழுதாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு லோட் செக் வால்வைக் கழற்றிக் கழுவுவார்கள். அந்தச் செக் வால்வ் பம்ப் பக்கம் இருக்கிறது. லீவரை இழுத்த நொடியில் லோடு ஒருமுறை தொய்ந்து பிறகு ஏறினால் அதைச் சந்தேகிக்கலாம். லீவர் நியூட்ரலில் இருக்கும்போது நடக்கும் இறக்கத்துக்கு அது காரணமல்ல.

ஸ்பூலின் இரு முனைகளிலும் உள்ள ஓரிங்கை மாற்றுவதும் வெளிக்கசிவைத்தான் நிறுத்தும். உள்ளே தேய்ந்த ஸ்பூலுக்கு ஓரிங் இல்லை. ஸ்பூலும் பாடியும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்க்கப்பட்டவை. வேறு வால்விலிருந்து ஸ்பூலைப் பிடுங்கிப் போட்டால் ஒன்று இறுகும், அல்லது இன்னும் அதிகம் கசியும். அந்த செக்ஷனையே மாற்றுவதுதான் வழி.

தேய்மானத்தை மறைக்க 68 நம்பர் ஆயில் ஊற்றும் பழக்கம் மலையில் இரட்டை நஷ்டம். மதியம் கொஞ்சம் தாங்கும். ஆனால் காலைக் குளிரில் பம்ப் அந்தக் கெட்டி ஆயிலை உறிஞ்ச முடியாமல் கத்தும், சீக்கிரம் தேயும்.

சிலிண்டர் சீல்தான் என்று உறுதியானால், ராடை நகத்தால் தடவிப் பாருங்கள். நீண்ட நாள் மூடுபனியில் வெளியே நின்ற வண்டியில் குரோம் மேல் ஊசிமுனை அளவு துருக்குழி இருக்கும். நகம் தட்டினால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும், ராடைச் சரிசெய்யாமல் சீல் போடாதீர்கள். சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தையும், பேக்கப் ரிங் அழுத்தமில்லாத பக்கத்தையும் பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு லோடில்லாமல் நாலைந்து முறை முழுதாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, அன்று மதியமே ஆயில் சூடானதும் அதே முழு எடையோடு மறுபடி பத்து நிமிடம் அளந்து எழுதி வையுங்கள்.