பெட்டி கேஷ் ஆடிட்: கணக்கு டேலி ஆன பிறகும் கோட்டைவிட்ட கதையும், ஒரு பக்கத் திட்டமும்

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே பெட்டி கேஷ் பார்க்கப் போனபோது நான் ஆர்ட்டிகிள்ஷிப்பின் முதல் வருடத்தில் இருந்தேன். பெட்டியைத் திறந்து எண்ணினோம். வர வேண்டிய தொகை பைசா குறையாமல் வந்தது. ‘டேலி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் என் சீனியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இதுல பணம் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் இந்தத் திட்டத்தை நானே உட்கார்ந்து எழுதினேன்.

இம்ப்ரெஸ்ட் முறை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நிலையான தொகை பெட்டியில் இருக்கும், செலவான அளவுக்கு மட்டும் வங்கியிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். இங்கே அந்தத் தொகை 25,000. 2,000 ரூபாயும் அதற்கு மேலும் போகும் செலவுக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும்.

படி 1: நோக்கத்தைக் கேள்வியாக எழுதுங்கள்

நாற்பது வரி ரெடிமேட் செக்லிஸ்ட் எனக்குப் பிடிக்காது. டிக் போட்டுக்கொண்டே போனால் கை ஓடும், கண் ஓடாது. ஒரு எக்செல் தாளில் நான்கே கேள்விகள் போதும். இருக்க வேண்டிய பணம் இருக்கிறதா? செலவு உண்மையா, கம்பெனிக்காகத்தானா, உரியவர் அனுமதித்தாரா? மேனேஜர் கையெழுத்தைத் தவிர்க்க பில்லைப் பிரித்தார்களா? வங்கியில் எடுத்தது முழுவதும் பெட்டிக்கு வந்ததா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன செய்யப் போகிறோம், எத்தனை எடுக்கப் போகிறோம், யார் பார்த்தது, எந்த ஒர்க்கிங் பேப்பர் என்று நான்கு கட்டங்கள். அவ்வளவுதான்.

படி 2: பெட்டியை எண்ணுதல்

நான் சறுக்கியது இங்கேதான். சொல்லாமல் போங்கள். காலையில் முதல் செலவு போவதற்கு முன்னால் போவது நல்லது. பணத்தை நீங்கள் தொடாதீர்கள், கேஷியரே எண்ணட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று வந்தது இது:

500 × 19, 200 × 8, 100 × 23, 50 × 11, 20 × 14, 10 × 27, நாணயம் 46. ஆக 14,546. இன்னும் வங்கியிலிருந்து ஈடு செய்யாத வவுச்சர்கள் 31, அவற்றின் தொகை 7,154. கைமாற்றுச் சீட்டுகள் மூன்று: 2,000, 1,000, 300. எல்லாம் சேர்த்தால் சரியாக 25,000.

டேலிதான். ஆனால் அந்த 2,000 ரூபாய்ச் சீட்டில் இருந்த தேதி நான்கு மாதம் பழையது. யாருடைய அனுமதியும் இல்லை, எதற்கு என்றும் எழுதவில்லை. அதாவது பெட்டியில் பணத்துக்குப் பதில் ஒரு துண்டுக் காகிதம்தான் நான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் மொத்தத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: யார் வாங்கியது, எந்தத் தேதி, யார் அனுமதித்தது, பணம் எப்போது திரும்பியது. கடைசியை அன்றே முடிக்க முடியாது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் அன்று விட்டுவிட்டேன். அதே கேஷியரிடம் கேன்டீன் கூப்பன் பணமும் இருந்தது. ஒரு பெட்டியை எண்ணும்போது மற்றொன்று திறந்திருந்தால், இதில் உள்ள ஓட்டையை அதிலிருந்து அடைத்துவிடலாம். அதனால் ஒருவர் கையில் எத்தனை பெட்டி இருந்தாலும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். முடியாவிட்டால் எண்ணாத பெட்டிக்கு சீல் வையுங்கள்.

முடிந்ததும் தாளின் அடியில் கேஷியர் கையால் இப்படி எழுதி வாங்குங்கள்: “என் முன்னிலையில் எண்ணப்பட்டது, முழுத் தொகையும் என்னிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது.” நாளைக்கு ஐநூறு குறைந்தால் உங்கள் பெயர் அடிபடாது.

படி 3: எத்தனை வவுச்சர்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். சாம்பிளிங் பற்றிய எஸ்.ஏ. 530 என்ற ஆடிட் தரநிலை, இத்தனை எடு என்று எந்த எண்ணையும் விதிக்கவில்லை. அது நம் தீர்ப்பு. ஏன் அந்த எண் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், அவ்வளவே.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 412 வவுச்சர்கள். முதலில் வரிசை எண்ணில் விடுபட்டது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வவுச்சர் சாம்பிளில் ஒருபோதும் வராது. பிறகு இரண்டாகப் பிரித்தேன். 2,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள 14ஐயும் முழுக்கப் பார்த்தேன். மீதி 398இல் முப்பது போதும் என்று வைத்துக்கொண்டேன். சின்னத் தொகை, ஒரே கேஷியர், போன வருடம் பெரிய குறை இல்லை என்பதுதான் காரணம். 398ஐ 30ஆல் வகுத்தால் 13 சொச்சம். 1இலிருந்து 13க்குள் குருட்டாம்போக்கில் ஒரு எண் எடுத்தேன், 7 வந்தது. அப்புறம் 7, 20, 33 என்று 13 கூட்டிக்கொண்டே போனால் 397இல் முடியும். மொத்தம் 31 ஆகிறது. ஒன்று கூடியதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அதையும் பாருங்கள். “நல்லா தெரியுற பில்லா எடுத்துக்கலாம்” என்று மட்டும் கேஷியரை எடுக்கவிடாதீர்கள்.

ஒவ்வொன்றிலும் பில், தேதி, கூட்டல், அனுமதி, ‘பெய்டு’ சீல். சீல் இல்லாத பில் அடுத்த மாதம் மறுபடியும் பயணம் கிளம்பும். ஒரு தவறு கிடைத்தால், அது எந்த வகை என்று பார்த்து அந்த வகையில் இன்னும் கொஞ்சம் எடுங்கள். ‘31இல் ஒன்றுதானே’ என்று விட்டுவிட வேண்டாம்.

படி 4: பிரித்த பில்களுக்கு சாம்பிள் வேண்டாம்

பிரித்த பில்லை சாம்பிளில் பிடிப்பது அதிர்ஷ்டம். ஒரே நாளில் ஒரே ஹார்டுவேர் கடைக்கு 1,950, 1,900 என்று இரண்டு வவுச்சர்கள் இருந்தன, என் 31இல் இரண்டுமே வரவில்லை. இதற்கு 412ஐயும் எக்செல்லில் ஓட்டுவதுதான் வழி. B தேதி, C பெற்றவர், D தொகை என்றால்:

```
=SUMIFS(D:D,B:B,B2,C:C,C2)
```

D 2,000க்குக் கீழே இருந்து இந்த விடை 2,000ஐத் தொட்டால் அந்த வரியைப் பாருங்கள். நான் பார்த்ததில் 3,850 என்று நின்றது. ஓட்டுவதற்கு முன் பெயர்களைச் சரிசெய்யுங்கள். ஒரே கடைக்கு மூன்று ஸ்பெல்லிங் இருந்தது, முதல் தடவை ஃபார்முலா ஒன்றும் காட்டவில்லை. ஒரு நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போனால் வருமான வரியில் அந்தச் செலவு கழிக்கப்படாது என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிடலாம்.

நான்காவது கேள்விக்கு அதிகம் சொல்ல இல்லை. ஆறு மாதத்தில் ஆறு முறைதான் நிரப்பியிருக்கிறார்கள். ஆறையும் பாஸ்புக்கோடு, தேதி உட்பட, ஒப்பிடுங்கள். வங்கியில் வெள்ளிக்கிழமை எடுத்த பணம் புத்தகத்தில் புதன்கிழமை ஏறியிருந்தால், நடுவில் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: இப்போது பில்லோடு யுபிஐ ஸ்கிரீன்ஷாட்தான் வருகிறது, அதை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஊழியர் தன் போனில் கட்டிவிட்டுப் பெட்டியிலிருந்து ரொக்கம் வாங்குகிறார், அதில் தவறில்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் சீல் குத்த முடியாது. அதனால் அதில் இருக்கும் 12 இலக்க எண்ணை வவுச்சரில் எழுதச் சொல்லி, எக்செல்லில் தனி நெடுவரிசையாக ஏற்றுங்கள். இரண்டு முறை வரும் எண் தானாக மாட்டும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் முன்னால் வரும் சுழியம் காணாமல் போகும்.