டைப்-சி இயர்போனைப் போன் கண்டுகொள்ளவே இல்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கிய டைப்-சி இயர்போனைச் செருகுகிறீர்கள். பாட்டு போனின் ஒலிபெருக்கியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் மேல்விளிம்பில் இயர்போன் அடையாளம் வரவில்லை, எச்சரிக்கைச் செய்தி எதுவும் இல்லை. எடுத்துத் திருப்பிச் செருகினாலும் அதே நிலைதான். கரகரப்போ ஒரு பக்கம் மட்டும் கேட்பதோ இருந்தால் அது வேறு கதை; வயர் அறுந்திருக்கலாம், பிளக் தளர்ந்திருக்கலாம். ஆனால் போன் எதையுமே உணராத இந்த முழு மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம் பழுது அல்ல. போனும் இயர்போனும் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகையைச் சேர்ந்தவை என்பதுதான்.

டைப்-சி என்பது பிளக்கின் வடிவத்துக்கான பெயர். அந்த வடிவத்துக்குள் ஒலி இரண்டு வழிகளில் போகலாம். பழைய உருண்டை 3.5 மில்லிமீற்றர் பிளக்கில் சென்ற அதே மின் அலையை, போன் தானே உருவாக்கி டைப்-சி துளை வழியாக அனுப்புவது ஒரு வழி. இந்த வகை இயர்போனுக்குள் வெறும் வயர்தான் இருக்கும். வழக்கமாகத் தரவு செல்லும் இரண்டு கம்பிகளையே இடது, வலது ஒலிக்காகக் கடன் வாங்கிக்கொள்வார்கள். மற்ற வழியில் போன் ஒலியை எண்களாகவே வெளியே அனுப்பும். அந்த எண்களை மின் அலையாக மாற்றும் சிப் ஒன்று இயர்போனின் பிளக்கிலோ அடாப்டரிலோ இருக்கும். இந்தச் சிப்பைத்தான் கடைகளில் ‘டாக்’ என்கிறார்கள்.

எது செருகப்பட்டிருக்கிறது என்பதைப் போன் கண்டுபிடிப்பது, டைப்-சி பிளக்கில் அதற்கென்றே இருக்கும் இரண்டு அடையாள முனைகளின் மூலம். டாக் உள்ள பொருள் அவற்றில் ஒன்றை 5.1 கிலோஓம் தடை வழியாகத் தரையுடன் இணைத்து வைத்திருக்கும். அதைக் கண்டதும் போன், பென் டிரைவ் ஒன்றைச் செருகியது போல 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து, ‘நீ யார்’ என்று கேட்கும். ‘நான் ஒலிக் கருவி’ என்று சிப் பதில் சொல்லும். வெறும் வயர் வகையில் பதில் சொல்ல ஆளில்லை. அதற்குப் பதிலாக இரண்டு அடையாள முனைகளும் ஏறத்தாழ 1 கிலோஓம் தடையில் ஒருசேரத் தரையைத் தொடும். அதன் பொருளைப் புரிந்துகொண்டு, தரவுக் கம்பிகளை ஒலிச் சுற்றுக்கு மாற்றிவிடும் ஆளி உள்ள போன்கள் உண்டு. அந்த ஆளி இல்லாத போன்களும் உண்டு. இல்லாத போன் எதுவும் செய்யாது. அந்த மௌனத்தைத்தான் நாம் பழுது என்று எடுத்துக்கொள்கிறோம்.

2018இல் வந்த ஹுவாவி பி20 ப்ரோ, ஷாவ்மி மி 8, வன்பிளஸ் 6டி ஆகியவை வெறும் வயர் வகையை ஏற்றுக்கொள்பவை. கூகிள் பிக்சல் 2, சாம்சுங் கேலக்சி நோட் 10, ஐபோன் 15 ஆகியவற்றுக்கோ டாக் கட்டாயம் வேண்டும். விலையோ புதுமையோ இதைத் தீர்மானிப்பதில்லை. பழைய போனில் பாடும் இயர்போன் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள புதிய போனில் ஊமையாகிவிடும்.

இதனால்தான், விற்பவரின் போனில் செருகிப் பார்த்துத் திருப்தியடைவதை முதல் தவறு என்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவி, இணைய வழி விரிவுரைகளுக்காகப் புறக்கோட்டையில் ஓர் இயர்போன் வாங்கினார். வீட்டுக்கு வந்து செருகினால் அவருடைய போன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் பஸ் ஏறித் திரும்பப் போனார். “நானா, இது வேலை செய்யவில்லை” என்றார். கடைக்காரர் தன்னிடமிருந்த பழைய போனில் செருகிக் காட்டினார், தெளிவாகப் பாடியது. “பார்த்தீர்களா தங்கச்சி, சாமானில் பிழை இல்லை. உங்கள் போனின் துளையைத் திருத்த வேண்டும்” என்றார். அவர் ஏமாற்றவில்லை, கண்ணால் கண்டதையே சொன்னார். ஆனாலும் அவர் முடிவு தவறு. அவருடைய போனில் அந்த ஆளி இருந்தது, மாணவியின் போனில் இல்லை. அந்தப் பரிசோதனை காட்டியது இவ்வளவுதான். துளையை மாற்றக் கொடுத்திருந்தால் பழுதுபார்க்கும் கூலி வீணாகியிருக்கும், குறையும் அப்படியே இருந்திருக்கும்.

மாணவி என்னிடம் வந்தபோது முதலில் போனில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்த்தோம். கோப்புகள் உடனே தெரிந்தன. ஆகவே துளையும் தரவுக் கம்பிகளும் நன்றாகவே இருக்கின்றன. பிறகு இயர்போனை மடிக்கணினியின் டைப்-சி துளையில் செருகி, ஒலி அமைப்புகளில் வெளியீட்டுப் பட்டியலைப் பார்த்தோம். புதிதாக எந்தப் பெயரும் வரவில்லை. மடிக்கணினிகளின் டைப்-சி துளை பொதுவாக மின் அலையாக ஒலியை வெளியே அனுப்புவதில்லை. அதனால் டாக் உள்ள இயர்போன் என்றால் அங்கே ஒலிக் கருவியாகப் பெயர் வரும். வெறும் வயர் என்றால் எதுவும் வராது. இதைவிட எளிதான சோதனை எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில மடிக்கணினிகளின் டைப்-சி துளை சார்ஜ் செய்வதற்கு மட்டுமே. அதிலும் பென் டிரைவைச் செருகி, தரவு செல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில அண்ட்ராய்டு போன்கள் தாமாகவே உண்மையைச் சொல்லிவிடும். செருகியதும் அறிவிப்புப் பட்டியில் `Analog audio accessory detected` என்று ஒரு வரி வரும். செருகிய பொருள் வெறும் வயர் வகை, இந்தப் போனுக்குப் பொருந்தாது என்பதே அதன் செய்தி. பலர் அதை வாசிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். வந்தால் நின்று வாசியுங்கள். வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

அடுத்த தவறு, அதே வகையில் இன்னொன்றை மாற்றி வாங்குவது. மாணவிக்கும் கடையில் அதையே செய்ய முன்வந்தார்கள். அதே பெட்டியிலிருந்து எடுக்கும் அடுத்த இயர்போனும் அதே வெறும் வயர்தான். வேறு நிறம், வேறு பெயர் என்று மாறினாலும் உள்ளே சிப் இல்லையென்றால் பயனில்லை.

அதேபோல, வீட்டில் நல்ல 3.5 மில்லிமீற்றர் இயர்போன் கிடக்கிறது, ஒரு சிறிய அடாப்டர் வாங்கினால் போதும் என்று போகிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். அடாப்டரிலும் இரண்டு வகை உண்டு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே விரல் நீள வயர்தான். பிளக் சற்றுத் தடிப்பாக இருந்தால் சிப் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், இந்தச் சிப் மெல்லிய பிளக்குக்குள்ளும் அடங்கிவிடும். பெட்டியில் டாக் என்றோ, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களோ இருந்தால் அது நல்ல அறிகுறி. வெறும் வயருக்கு அத்தகைய எண்கள் கிடையாது. ஆனால் அச்சடித்த பெட்டி சான்றாகாது. உங்கள் போனிலேயே செருகிப் பார்ப்பதுதான் சான்று. இயர்போனையும் கையோடு கொண்டு போங்கள். பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ, பெட்டியைத் திறக்க விடாத கடையில் அடாப்டர் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வகை வேண்டும் என்று தெரியாவிட்டால் டாக் உள்ளதையே கேளுங்கள். வெறும் வயரை ஏற்கும் போன்களிலும் அது பொதுவாக வேலை செய்யும். மறுபுறம் அப்படியல்ல. சிப்புக்கு மின்சாரம் போனிலிருந்தே போவதால் பட்டரி சற்று அதிகம் செலவாகும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆப்பிளின் சிறிய வெள்ளை அடாப்டரிலும் டாக் உண்டு, ஆனால் பல அண்ட்ராய்டு போன்களில் அதன் ஒலி தாழ்வாகவே கேட்கும். அண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேறு ஒன்றைப் பார்ப்பது நல்லது.

டாக் உள்ளதை வாங்கியும் போன் கண்டுகொள்ளவில்லை என்றால்? இங்கேதான் பலர் அவசரப்பட்டு நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்போ, விவோ, ரியல்மி, வன்பிளஸ் போன்களில் வெளிக் கருவிக்கு மின்சாரம் கொடுப்பதற்கென்று `OTG connection` என்ற தனி அமைப்பு பல மாடல்களில் இருக்கிறது. அது அணைந்திருந்தால் டாக்குக்கு 5 வோல்ட் போகாது. மின்சாரம் இல்லாத சிப் எப்படிப் பதில் சொல்லும்? அமைப்புகளின் தேடல் பெட்டியில் OTG என்று தட்டினால் அது வந்துவிடும். சில மாடல்களில் எதுவும் செருகாமல் 10 நிமிடம் போனால் தானாகவே அணைந்துவிடும். காலையில் வேலை செய்த இயர்போன் மாலையில் ஊமையானதற்குப் பலமுறை இதுவே காரணம். அபிவிருத்தியாளர் அமைப்புகளைத் திறந்து வைத்திருப்பவர்கள் அங்கே `Disable USB audio routing` என்பது இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இயங்கினால் கருவி இணைந்தும் ஒலி தானாக அதற்கு மாறாது.

போன் உறை தடிப்பாக இருந்தால் பிளக் முழுவதும் உள்ளே போகாது. உறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை செருகிப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு துளையின் அடியில் இறுகியிருந்தாலும் இதே நிலைதான். போனை அணைத்துவிட்டு மரப் பற்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம்.

கேட்டுக்கொண்டே சார்ஜ் செய்ய என்று விற்கும் இரட்டைத் துளை அடாப்டரில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். டாக் வேலை செய்யப் போன் மின்சாரம் கொடுக்கும் பக்கமாக இருக்கிறது, சார்ஜ் ஏற அதே போன் மின்சாரம் வாங்கும் பக்கமாக மாற வேண்டும். தரவு இணைப்பு அறாமல் இந்த மாற்றத்தைச் செய்ய அடாப்டருக்குள் அதற்கான சுற்று தேவை. மலிவானவற்றில் அது இருப்பதில்லை. சார்ஜரைச் செருகியதும் பாட்டு நின்றுவிடும், அல்லது பாட்டு ஓடும், சார்ஜ் ஏறாது. எனவே சார்ஜரையும் கொண்டுபோய் இரண்டையும் ஒன்றாகச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

மாணவி இறுதியில் டாக் உள்ள ஒற்றை அடாப்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தம்பியின் பழைய 3.5 மில்லிமீற்றர் இயர்போனை அதில் செருகினார். அடாப்டரைக் கடையிலேயே போனில் மாட்டினோம், இயர்போன் அடையாளம் உடனே வந்தது. ஒலி வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தவில்லை. சில அடாப்டர்களில் ஒலி மட்டும் வரும், மைக் வேலை செய்யாது. விரிவுரையில் கேள்வி கேட்க வேண்டியவருக்கு அது போதாது. குரல் பதிவுச் செயலியைத் திறந்து, போனைக் கை நீளம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இயர்போன் மைக்கை விரலால் தட்டச் சொன்னேன். தட்டும் ஒலி உரத்துப் பதிவாகியிருந்தது. அதன் பிறகே காசு கொடுத்தோம்.